இளநரை, வழுக்கை: சிகரெட் மேல் எவ்வளவு பழி போடலாம்?

புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான புதிய சட்டம், சட்டம் 852, 2024 அக்டோபர் 1 முதல் மலேசியாவில் நடப்பில் இருக்கிறது. அதற்கும் வெகு முன்பே, 2009 முதல், சிகரெட் பெட்டிகளில் வாய்ப் புற்றும் அழுகிய காலும் படமாக வருகின்றன. ஆனால் இருபது வயதுப் பையனுக்கு அதெல்லாம் கிழவர்களுக்கு வருகிற நோய். அவனைக் கலக்குவது கண்ணாடியில் மெல்லத் தெரிகிற உச்சந்தலைதான். இதைப் புரிந்துகொண்டவர்கள், "சிகரெட் பிடித்தால் வழுக்கை விழும், இளநரை வரும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். அது உண்மையா, பயமுறுத்தலா?

இரண்டும் கொஞ்சம் கலந்தது என்பதே ஆய்வுகளைப் படித்தால் தெரிவது. தொடர்பு இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் சொல்கிற அளவுக்கு இல்லை. எந்த அளவு என்று சரியாகச் சொன்னால்தான் பையன்கள் நம்புவார்கள். மிகைப்படுத்தினால், வழுக்கையே விழாத ஒரு சிகரெட்காரனைக் காட்டி நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

இது ஏதோ சிலருடைய கவலையும் அல்ல. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைபிடிப்பவர்கள். ஐந்து பேரில் இரண்டு பேர். ஈப்போ புந்தோங்கில் ஒரு முடிவெட்டும் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும். தண்ணீர் தெளித்து வாரியதும் உச்சியில் ஐம்பது காசு அளவுக்குத் தோல் மின்னும். கடைக்காரர் பின்கண்ணாடியை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் நாசூக்காகக் கழுத்தோரம் மட்டும் காட்டுவார். வாடிக்கையாளர் காசு கொடுத்துவிட்டு, வெளியே ஐந்தடியில் நின்று ஒன்றைப் பற்ற வைப்பார்.

பீடி குடித்த தாத்தா

இந்தப் பேச்சை எடுத்தாலே பேராக்கில் வருகிற முதல் பதில் தோட்டத்திலிருந்துதான் வரும். "எங்க தாத்தா சுங்கை சிப்புட் தோட்டத்துல நாள் முழுக்க பீடி குடிச்சாரு. சாகுற வரைக்கும் தலை நிறைய முடி." செம்மோர் ஆனாலும் தாப்பா ஆனாலும் பீடோர் ஆனாலும் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு தாத்தா இருப்பார்.

அவர் பொய்யில்லை. ஆனால் அவரை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலைவிளக்கும் முண்டாசுமாகப் பால்மரம் சீவியவருடைய உச்சந்தலையை யார் உற்றுப் பார்த்தார்கள் என்பது ஒன்று. நம் நினைவில் நிற்பவர்கள் எண்பது வரை வாழ்ந்த தாத்தாக்கள். ஐம்பதிலேயே நெஞ்சடைத்துப் போனவர்களின் தலைமுடி பற்றி யாரும் கதை சொல்வதில்லை என்பது இன்னொன்று. இவற்றைவிடப் பெரிய காரணம் மூன்றாவது: முடியைப் பொறுத்தவரை பரம்பரையின் கைதான் ஓங்கியது. நல்ல பரம்பரை வாய்த்தவரின் முடி பீடியையும் தாங்கும்.

ஆண் வழுக்கையின் அடிப்படை இதுதான். விந்தகச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் உடலில் டிஎச்டி என்ற வீரியமான வடிவமாக மாறுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள முடிவேர்களில் சில, பிறவியிலேயே அதற்கு இளகிய வேர்கள். அவை ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் சற்றே சுருங்கி, தடித்த முடிக்குப் பதில் பூனைமுடியை விடுகின்றன. பிடரியில் உள்ள வேர்களுக்கு அந்த இளக்கம் இல்லை. அதனால்தான் எவ்வளவு வழுக்கையானவருக்கும் பின்பக்கம் ஒரு வளையம் மிஞ்சுகிறது. இந்த இளக்கத்தோடு தொடர்புள்ள முக்கிய மரபணு ஒன்று எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு அது தாய்வழியாக மட்டுமே வரும். நம் வீட்டுச் சடங்குகளில் முன்னால் நிற்கிற தாய்மாமனை இந்த விஷயத்திலும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அப்பா வழியாக வருகிற மரபணுக்களும் பல இருப்பதால், மாமன் தலை மட்டும் ஜாதகம் ஆகாது.

இந்தியர்களுக்கு இதில் கவலைப்படக் காரணமும் உண்டு. சிங்கப்பூரின் பீஷான் வட்டாரத்தில் 254 ஆண்களைப் பார்த்து 2000-இல் வெளியான ஆய்வில், 63 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவு ஆண் வழுக்கை இருந்தது. சீனர்களில் அது 61 விழுக்காடு, இந்தியர்களில் 87. அந்த 254 பேரில் இந்தியர் ஒரு சிறு பகுதிதான் என்பதால் 87 என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது காட்டுகிற திசை நம் கல்யாண வீட்டுப் படங்களோடு ஒத்துப்போகிறது.

எண்கள் சொல்வது

புகையையும் முடியையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் பெயர் பெற்ற ஒன்று 1996 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இங்கிலாந்தின் வடமேற்கில் லீ என்ற சிறு நகரின் மருத்துவமனையிலிருந்து மோஸ்லி, கிப்ஸ் என்ற இருவர் எழுதியது. முப்பது வயதைக் கடந்த 606 பேரைப் பார்த்தார்கள். எல்லா வயதுப் பிரிவிலும் புகைபிடிப்பவர்களுக்கு நரை கூடுதலாக இருந்தது. ஆண்களில் வழுக்கையும் கூடுதல். அவர்களுக்கு முடிமேல் தனி ஆசை ஒன்றுமில்லை. புற்றுநோயைச் சொன்னால் கேட்காதவர்கள் முடியைச் சொன்னால் கேட்பார்களோ என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்தார்கள். நம் கேள்வியும் அதுதான்.

இதைவிட நமக்குப் பொருத்தமானது 2007-இல் தைவானிலிருந்து வந்தது. தைனான் வட்டாரத்தில் 40 முதல் 91 வயது வரையுள்ள 740 ஆண்களை நேரில் பார்த்து, வழுக்கையைப் படி பிரித்து, அப்பாவுக்கு உண்டா, தாத்தாவுக்கு உண்டா என்றும் கேட்டுப் பதிந்தார்கள். வயதையும் பரம்பரையையும் கணக்கில் கழித்த பிறகும், நடுத்தரம் அல்லது அதற்கு மேற்பட்ட வழுக்கை புகைபிடிப்பவர்களிடம் கூடியிருந்தது. கூடிய அளவு 1.77. ஒரு நாளைக்கு இருபது சிகரெட், அதாவது முழுப் பெட்டி அல்லது அதற்கு மேல் காலி செய்பவர்களிடம் அது 2.34.

இந்த 1.77 என்பதைப் பலர் "வழுக்கை விழ 77 விழுக்காடு வாய்ப்பு" என்று படித்துவிடுகிறார்கள். அது தவறு. எண்ணைக் கைக்கு அடக்கமாக ஆக்கிப் பார்ப்போம். புகைபிடிக்காத நூறு பேரில் 30 பேருக்கு வழுக்கை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வழுக்கை உள்ளவர் 30, இல்லாதவர் 70. இந்த விகிதம் 0.43. இதை 1.77-ஆல் பெருக்கினால் 0.76. திரும்ப ஆட்கணக்காக மாற்றினால், புகைபிடிக்கும் நூறு பேரில் 43 பேருக்கு வழுக்கை.

ஆக, நூற்றுக்குப் பதின்மூன்று பேர் கூடுதல். அது சிறிய எண் அல்ல. பதின்மூன்று பையன்களின் கல்யாணக் கவலை. ஆனால் மீதி இருப்பவர்களையும் பாருங்கள். 57 பேர் புகைபிடித்தும் முடியோடு இருக்கிறார்கள். 30 பேர் புகையே தொடாமலும் வழுக்கை ஆகிறார்கள். பீடி குடித்த தாத்தா அந்த 57 பேரில் ஒருவர். அவரும் இந்த ஆய்வும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2003-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, 40 முதல் 69 வயதான 1390 ஆண்களைப் பார்த்தது. புகைக்கும் வழுக்கைக்கும் அதில் தொடர்பே தெரியவில்லை. எதிர்த் திசையில், 2021-இல் எகிப்திலிருந்து வந்த ஆய்வில் புகைபிடிக்கும் 500 இளைஞர்களில் 425 பேருக்கும், பிடிக்காத 500 பேரில் 200 பேருக்கும் வழுக்கையின் தொடக்கம் இருந்தது. ஒரே கேள்விக்கு இப்படிப் பூஜ்யமும் மலையுமாகப் பதில் வந்தால், யாரை எங்கிருந்து தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து எடை போடும் தொகுப்பாய்வுக்கு மதிப்பு. 2024-இல் வந்த அப்படியொரு தொகுப்பு, எப்போதேனும் புகைத்தவர்களுக்கு 1.82 என்றும், நாளுக்குப் பத்துக்குக் குறைவாகப் பிடிப்பவர்களோடு ஒப்பிட்டால் அதற்கு மேல் பிடிப்பவர்களுக்கு 1.96 என்றும் சொன்னது. அந்த 1.82 தைவானின் 1.77-க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. என் கணிப்பில் "ஏறத்தாழ இரண்டுக்குச் சற்றுக் கீழே" என்பதுதான் இன்றைக்கு நேர்மையான பதில்.

இந்த ஆய்வுகளுக்கு ஒரு பொதுவான குறையும் உண்டு. அவை பெரும்பாலும் ஒரு நாளில் எடுத்த புகைப்படங்கள். இன்று சிகரெட்டும் இருக்கிறது, வழுக்கையும் இருக்கிறது என்று சொல்லும். எது முன்னால் வந்தது என்று சொல்லாது. சிகரெட் பிடிப்பவர் தூக்கம் கெட்டவராகவும், சரியாகச் சாப்பிடாதவராகவும் இருக்கலாம். இந்தச் சிக்கலைப் பாதி அவிழ்ப்பவை இரட்டையர் ஆய்வுகள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஒன்றே. அமெரிக்காவில் 92 ஆண் இரட்டையரை வைத்து 2013-இல் வந்த ஆய்வில், நீண்ட காலம் புகைபிடிப்பது கூடுதல் முடி இழப்போடு சேர்ந்து வந்தது. பரம்பரை ஒன்றாக இருந்தும் தலை இரண்டு விதமானால், மீதிப் பழி வாழ்ந்த விதத்தின் மேல்தான் விழும்.

நரையின் கணக்கு வேறு

நரையை வழுக்கையோடு சேர்த்துப் பேசுகிறோமே தவிர, இரண்டும் வேறு வேறு பழுதுகள். வழுக்கையில் வேர் சுருங்குகிறது. நரையில் வேர் நன்றாகவே இருக்கும்; அதற்கு நிறம் ஊட்டுகிற மெலனின் அணுக்கள் தீர்ந்து போகின்றன. ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் நரைத்தால் இளநரை என்பது தோல் மருத்துவர்களின் பொது அளவு.

ஜோர்டானில் 207 பேரை வைத்து 2013-இல் வந்த ஆய்வு முப்பது வயதை எல்லையாக வைத்தது. புகைபிடிப்பவர்களுக்கு அதற்கு முன் நரைக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. கேட்கப் பெரிதாக இருக்கிறது. அதே ஆய்வு இன்னொரு எண்ணையும் தருகிறது: முதல் நரை வந்த சராசரி வயது, புகைபிடிப்பவர்களுக்கு 31, மற்றவர்களுக்கு 34. மூன்று வருடம். அதுவும் "முதல் நரை எப்போது பார்த்தீர்கள்" என்று கேட்டுப் பெற்ற பதில். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தேதி நினைவில் இருக்கும்?

தென்கொரியாவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் ஆண்களிடம் நடந்து 2015-இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. குடும்பத்தில் இளநரை இருந்தவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. உடல் பருமனுக்கு இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். நாளுக்கு ஒரு பெட்டி வீதம் ஐந்து வருடத்துக்கு மேல் புகைத்ததற்குச் சமமான பழக்கம் உள்ளவர்களுக்கு 1.6 மடங்கு. சிகரெட் பட்டியலில் இருக்கிறது, ஆனால் கடைசி வரிசையில்.

புகை முடியை எப்படித் தொடும் என்பதற்கு நம்பத்தக்க விளக்கம் உண்டு. முடிவேரின் அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு இருக்கிறது; நிகோட்டின் அவற்றைச் சுருக்குகிறது. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் வேரின் அணுக்களையும் அவற்றின் மரபுப் பொருளையும் தாக்குகின்றன. மெலனின் அணுக்கள் இந்த வகைத் தாக்குதலுக்கு ஏற்கெனவே நலிந்தவை, ஏனெனில் நிறம் தயாரிக்கிற வேலையிலேயே அவற்றுக்குள் அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. சிகரெட் புகையில் வைத்த சுண்டெலிகளுக்கு முடி கொட்டியதும் நரைத்ததும் இத்தாலியில் பதிவாகியிருக்கிறது. எலிக்கு நடந்தது மனிதனுக்கு அப்படியே நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மனித ஆய்வுகளின் எண்களுக்கு அது ஒரு முட்டு.

ஒன்று மட்டும் ஆய்வே தேவையில்லாமல் தெரியும். வயதான பீடிக்காரர்களின் வெள்ளை மீசையில், மூக்குக்கு நேர் கீழே, மஞ்சள் கறை இருக்கும். நரைத்த முடியில் மறைக்க நிறம் இல்லாததால் தார் அப்படியே படிகிறது.

பழியை மாற்றிப் போடாதீர்கள்

இந்த விஷயத்தில் நடைமுறையில் நடக்கிற பெரிய தீங்கு வேறொன்று. எல்லா முடிப் பிரச்சினையையும் சிகரெட் தலையில் கட்டிவிட்டால், குணப்படுத்தக்கூடிய காரணங்கள் கண்ணில் படாமல் போகும்.

ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. டெங்கியோ கடுமையான காய்ச்சலோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், அது காய்ச்சலின் பின்விளைவு. பெரும்பாலும் தானே திரும்பி வளரும். காசு வடிவத்தில் வட்டமாக வழுவழுப்பானால் அது உடலின் எதிர்ப்புச் சக்தி வேரைத் தாக்கும் நோய். நெற்றியின் இரு மூலைகளும் உச்சியும் வருடக் கணக்கில் மெல்ல இளைத்தால்தான் நாம் இதுவரை பேசிய ஆண் வழுக்கை.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. தலை குளித்து ஒருநாள் விட்டு, ஏறக்குறைய அறுபது முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்தல் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு முடி இளைத்தால் நம் வீடுகளில் முதலில் எண்ணெயை மாற்றுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது இரத்தத்தில் இரும்புச் சத்து, அடுத்து தைராய்டு. இளநரைக்குப் பி12 சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுத்த சைவக்காரர்களுக்கு அது குறைவது வழக்கம். இவையெல்லாம் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எண்ணெய்க்கு நூற்றைம்பது வெள்ளி கொடுக்கத் தயங்காதவர்கள் இதற்கு மட்டும் தயங்குவது எனக்கு விளங்கியதே இல்லை.

சிகரெட்டை விட்டால் கொட்டிய முடி திரும்புமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு உறுதி சொல்லத்தக்க ஆய்வு எதுவும் இல்லை. முழுதும் சுருங்கிப்போன வேர் எதனாலும் திரும்பாது. இன்னும் பூனைமுடி விடுகிற வேர்களைக் காப்பாற்றத்தான் மினோக்சிடில் தைலமும் ஃபினாஸ்டரைடு மாத்திரையும். மினோக்சிடில் பூசத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடுதலாகக் கொட்டும். பயந்து நிறுத்துகிறவர்கள் ஏராளம். நான்கு முதல் ஆறு மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும், நிறுத்தினால் பலனும் போகும். ஃபினாஸ்டரைடு மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து. முடி நடும் அறுவைக்குப் போகிறவர்களுக்குச் சிகரெட் நேரடியான தடை: இரத்த ஓட்டம் குறைந்தால் நட்ட வேர் பிடிக்காது என்பதால், அறுவைக்கு முன்னும் பின்னும் சில வாரம் நிறுத்தச் சொல்வார்கள்.

வேப் பிடித்தால் முடிக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லும் பையன்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன ஆய்வுகள் சிகரெட்டைப் பற்றியவை. வேப் முடியைக் கெடுக்கும் என்று அவை சொல்லவில்லை. கெடுக்காது என்றும் சொல்லவில்லை. ஆனால் இரத்தக் குழாயைச் சுருக்குகிற நிகோட்டின் அதிலும் இருக்கிறது. 2022-இல் மலேசிய இளையோரில் 14.9 விழுக்காட்டினர் வேப் பிடித்தார்கள். 2017-இல் அது 9.8.

என்ன செய்யலாம்

சுகாதார அமைச்சு தன் பிரசாரத்தில் முடியைப் பற்றிச் சேர்க்கட்டும். ஆனால் "வழுக்கை நிச்சயம்" என்று எழுத வேண்டாம். "புகைபிடிக்காத நூறு பேரில் முப்பது பேருக்கு வழுக்கை என்றால், புகைபிடிக்கும் நூறு பேரில் நாற்பத்து மூன்று பேருக்கு" என்ற ஒரு வரி போதும். தமிழில், தலைகளை வரைந்த படத்தோடு, முடிவெட்டும் கடைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுகிற அளவில் அச்சிட வேண்டும். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து அதைப் படிக்க வாசகர்கள் இருக்கிறார்கள்.

குடும்பங்கள் செய்யக்கூடியது இன்னொன்று. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போன பிறகு உறவுகள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டன. பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்து, அப்பாவின் அண்ணன் தம்பிகள், அம்மாவின் அண்ணன் தம்பிகள், இரு தாத்தாக்கள், இவர்கள் முப்பது வயதில் எப்படி இருந்தார்கள் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் நெற்றி ஏறியிருந்தால், அந்த வீட்டுப் பையனுக்குச் சிகரெட் கூடுதல் சுமை. அவனிடம் பதினெட்டு வயதிலேயே சொல்லிவிடலாம்.

விட நினைப்பவர்களுக்கு அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் புகைநிறுத்தச் சேவை இருக்கிறது; குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளி. எம்குவிட் என்ற பெயரைச் சொல்லிக் கேட்டால் வழிகாட்டுவார்கள். தனியாக மனஉறுதியில் விடுவதைவிட, நிகோட்டின் ஒட்டுப்பட்டை போன்ற மருந்தோடும் ஆலோசனையோடும் விடுபவர்களுக்கு வெற்றி கூடுதல். போகும்போது முடி கொட்டுவதையும் அதே மருத்துவரிடம் சொல்லி, இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் சேர்த்து இரத்தம் எடுக்கக் கேளுங்கள். உச்சந்தலையை நல்ல வெளிச்சத்தில், ஈரமில்லாத முடியோடு, இன்று ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொன்று. மருந்து கேட்கிறதா இல்லையா என்பதை மருத்துவர் அந்த இரண்டு படங்களை வைத்துத்தான் சொல்வார்.